சோலார் மிச்சக் கணக்கை வாக்குறுதி ஆகாமல் எழுதுவது எப்படி?

கேள்வி: "வீடுகளுக்கு சோலார் பேனல் பொருத்தும் தொழில் செய்கிறேன். வேலை முடிந்த கூரையின் படத்தைப் போடும்போது, கரண்ட் பில் எவ்வளவு மிச்சமாகும் என்று கேப்ஷனில் எழுத வேண்டியிருக்கிறது. கூட்டாளி '80% மிச்சம் உறுதி' என்று போடச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உறுதி கொடுக்காமலும், மழுப்பாமலும், கணக்கு எப்படி வந்தது என்று படிப்பவருக்குப் புரியும்படி எப்படி எழுதுவது?"

உங்கள் தயக்கம் சரியானது. பல வருடங்களாக நானும் கூரைகளில் பேனல் பொருத்தி வருகிறேன். மற்றவர்கள் பொருத்தியதைச் சரிபார்த்துக் கொடுத்தும் இருக்கிறேன். "சொன்ன மாதிரி பில் குறையவில்லை" என்று கோபமாக வருபவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பேனலில் கோளாறே இருக்காது. அது தர வேண்டிய யூனிட்டைத் தந்துகொண்டுதான் இருக்கும். தப்பு, விற்கும்போது சொன்ன எண்ணில் இருக்கும். பேனல் எத்தனை யூனிட் தரும் என்பது ஒரு கேள்வி, பில் எவ்வளவு குறையும் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நம்மால் ஓரளவு நம்பிக்கையோடு பதில் சொல்ல முடியும். இரண்டாவது அந்த வீட்டையும் மின் கட்டண விதியையும் பொறுத்தது. இரண்டையும் ஒரே எண்ணாகக் குழைத்துவிடுவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் ஆரம்பம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தலா 500 வாட் கொண்ட 6 பேனல், ஆக மொத்தம் 3 கிலோவாட். வீட்டின் மாதப் பயன்பாடு சுமார் 400 யூனிட். பேட்டரி இல்லை, கிரிட் எனப்படும் பொது மின் இணைப்போடு சேர்ந்த அமைப்பு. நிழல் விழாத, நல்ல திசை பார்த்த கூரை.

முதலில் அந்த 500 வாட். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயோ அடியிலேயோ STC என்று இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், பேனலுக்குள் இருக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரி என்ற சோதனைக்கூட நிலையில் அளந்தது என்று அதற்குப் பொருள். உச்சி வெயிலில் கூரையில் கிடக்கும் செல் 25 டிகிரியில் இருக்காது. 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இன்றைய சிலிக்கான் பேனல்கள் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் திறனை இழக்கின்றன. 30 டிகிரி கூடினால் பத்து சதவீதம் போய்விடும். 500 வாட் பேனல் அந்த நேரத்தில் 450 வாட்டை ஒட்டித்தான் கொடுக்கும். இதில் பேனலின் குறை எதுவும் இல்லை, அதன் இயல்பே அப்படித்தான். ஆனால் 3 கிலோவாட்டை நேராக வெயில் நேரத்தால் பெருக்கிச் சொல்பவர் கிடைக்காத இந்தப் பத்து சதவீதத்தையும் ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுகிறார்.

வெயில் நேரம் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. "ஒரு நாளைக்கு 5 மணி நேர வெயில்" என்று நம் தொழிலில் பேசுவது கடிகார நேரம் இல்லை. நாள் முழுக்க ஏறி இறங்கும் வெயிலை, முழு வலுவில் அடிக்கும் வெயிலாகச் சுருக்கினால் 5 மணி நேரத்துக்குச் சமம் என்பதுதான் கணக்கு. கேப்ஷனில் "5 மணி நேர வெயில்" என்று எழுதினால், எங்கள் ஊரில் 10 மணி நேரம் அடிக்கிறதே என்று படிப்பவர் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்வார். அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு "இந்த இடத்தின் பல வருடச் சராசரி வெயில்" என்று எழுதுங்கள்.

வெப்பத்தோடு தூசி, கம்பியில் போகும் இழப்பு, இன்வெர்ட்டரில் போகும் 3, 4 சதவீதம், பேனலுக்குப் பேனல் உள்ள சின்ன வித்தியாசம், கிரிட் நின்றுபோகும் நேரம் எல்லாவற்றையும் கழித்தால், நன்றாகப் பொருத்திய அமைப்பில் 75 முதல் 85 சதவீதம் மிஞ்சும். நம் வீட்டுக்கு 78 என்று வைக்கலாம். 3 கிலோவாட், 5 மணி, 0.78. பெருக்கினால் நாளுக்கு 11.7 யூனிட், மாதத்துக்கு ஏறக்குறைய 350. இதை PVGIS, PVWatts போன்ற இலவசக் கணிப்பான்களில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் இழப்பு என்ற கட்டத்தில் முதலிலேயே 14 சதவீதத்தை ஒட்டி ஒரு எண் போட்டிருக்கும். வெப்ப இழப்பு அதில் சேராது, அதைக் கணிப்பானே தனியாகக் கழித்துக்கொள்ளும். நம் 0.78-ஐ நினைத்துக்கொண்டு அங்கே 22 என்று போட்டால் வெப்பத்தை இரண்டு தடவை கழித்ததாகிவிடும்.

இந்த 350 எவ்வளவு நம்பகமானது? வருட மொத்தமாகப் பார்த்தால் நன்றாகவே நம்பலாம். ஒரு வருடத்து வெயிலுக்கும் இன்னொரு வருடத்து வெயிலுக்கும் பொதுவாகச் சில சதவீதம்தான் வித்தியாசம் இருக்கும். PVGIS-இல் வருடத்துக்கு வருடம் எவ்வளவு மாறும் என்று ஒரு எண்ணும் தரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் இழப்புக் கணக்கில் இருக்கும் தவறையும் சேர்த்து, மேலே பத்து, கீழே பத்து சதவீதம் விட்டால் மாதச் சராசரி 315 முதல் 385 யூனிட். இதை ஒருவரிடம் தைரியமாகச் சொல்லலாம். தனி ஒரு மாதத்தைச் சொல்வதுதான் ஆபத்து. மேகம் மூடிய மாதத்தில் 250-க்கும் கீழே இறங்கும், தெளிந்த வானமுள்ள மாதத்தில் 400-ஐத் தாண்டும். எனவே "மாதம் 350 யூனிட்" என்று எழுதக் கூடாது. "வருடம் முழுக்கப் பார்த்தால் மாதச் சராசரி" என்று எழுத வேண்டும். சொல் கொஞ்சம்தான் மாறுகிறது, வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது முழுதும் மாறிவிடுகிறது.

நிழல் விஷயத்தில் மட்டும் இந்தப் பத்து சதவீத விளிம்பு காப்பாற்றாது. சூரியன் உச்சியில் நிற்கும் பருவத்தில், நண்பகலில் கூரையைப் பார்த்துவிட்டு "நிழலே இல்லை" என்று குறித்துக்கொண்டு வருவோம். சூரியன் தாழ்வாகப் போகும் பருவத்தில் அதே தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீண்டு வந்து முதல் வரிசைப் பேனலின் ஓரத்தில் உட்காரும். பேனலுக்குள் செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால், கையளவு நிழல்கூடப் பேனலின் மூன்றில் ஒரு பங்கை முடக்கிவிடலாம். ஆகவே கேப்ஷனில் "நிழல் விழாத கூரை" என்று எழுதுவதற்கு முன், வருடத்தின் தாழ்ந்த சூரியனுக்கும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

சரி, இப்போது பில்லுக்கு வருவோம். உங்கள் கூட்டாளியின் 80 எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. 350-ஐ 400-ஆல் வகுத்தால் 87. கொஞ்சம் குறைத்துக்கொண்டு 80 என்றிருப்பார். அவரைப் பொறுத்தவரை அது அடக்கமாகச் சொன்ன எண்தான். ஆனால் அந்த வகுத்தலுக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. பேனல் தரும் ஒவ்வொரு யூனிட்டும், நாம் வாங்கும் யூனிட்டின் முழு விலைக்குச் சமம் என்ற அனுமானம்.

பேனல் பகலில் தருகிறது. வீடு எப்போது செலவழிக்கிறது? இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டுக்காரரை ஒரு வாரம் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மீட்டரைப் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எல்லோரும் வேலைக்கும் படிப்புக்கும் போய்விடும் வீட்டில் அந்த நேரத்தில் ஃபிரிட்ஜும் ஒன்றிரண்டு விளக்கும்தான் ஓடும். மாதம் 400 யூனிட் என்றால் நாளுக்குச் சுமார் 13. நம் வீட்டில் அதில் பகலில் ஓடுவது 4 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 120 யூனிட். பேனல் தரும் 350-இல் இந்த 120 மட்டும்தான் வீட்டுக்குள்ளேயே நேராகச் செலவாகும். மீதி 230 வெளியே கிரிட்டுக்குப் போகும்.

அந்த 230-க்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. சில இடங்களில் அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து அப்படியே கழித்துக்கொள்வார்கள். அங்கே கூட்டாளியின் 87 சரி. சில இடங்களில் அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்த விலைதான். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால், 230 யூனிட் 77 யூனிட்டுக்குச் சமம். 120-ஐயும் சேர்த்தால் 197. அதாவது 400-இல் 49 சதவீதம். வெளியே போவதற்கு ஒன்றுமே கொடுக்காத இடத்தில் 120 மட்டும்தான் மிச்சம், 30 சதவீதம். இதற்கு மேல், பில்லில் யூனிட்டோடு சம்பந்தமே இல்லாத நிலைக் கட்டணம் ஒன்று இருக்கும். அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், பேனல் அதைத் தொடாது. அதையும் கணக்கில் எடுத்தால் அந்த மூன்று எண்களும் முறையே 79, 44, 27 ஆகிவிடும்.

அதே 6 பேனல், அதே வெயில், அதே வீடு. மிச்சம் 27 சதவீதத்திலிருந்து 79 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வெயிலில் இருந்த பத்து சதவீதச் சந்தேகம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கேப்ஷனில் இடம் குறைவாக இருந்தால் பேனலின் தரம், இன்வெர்ட்டரின் வகை எல்லாவற்றையும் விட்டுவிட்டாவது இரண்டைச் சொல்லிவிட வேண்டும். பகலில் எவ்வளவு செலவாகிறது, வெளியே போகும் யூனிட்டுக்கு என்ன விலை.

கணக்கு எதிர்ப்பக்கமும் தவறும், அதையும் சொல்ல வேண்டும். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும் கட்டண முறை உள்ள இடத்தில், பேனல் முதலில் குறைப்பது விலை அதிகமான மேல்படி யூனிட்டுகளை. முதல் 200 யூனிட்டுக்கு ஒரு மடங்கு, அடுத்த 200-க்கு இரண்டு மடங்கு விலை என்றால், நேரடியாகச் செலவான அந்த 120 யூனிட் மட்டுமே யூனிட் கட்டணத்தில் 40 சதவீதத்தைக் குறைத்துவிடும். 30 என்று நினைத்தது 40 ஆகிறது. பில் தொகையை யூனிட்டால் வகுத்துச் சராசரி விலை எடுத்துப் போடும் கணக்கில் இது தெரியாது. வீட்டுக்காரரின் பில்லைக் கையில் வாங்கி, படிப்படியாகத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

இனி உங்கள் கேப்ஷன். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"3 கிலோவாட் கூரை சோலார், வேலை முடிந்தது. இந்த இடத்தின் பல வருட வெயில் தரவையும் இந்தக் கூரையின் திசையையும் வைத்துப் பார்த்தால், முதல் வருடத்தில் மாதச் சராசரியாக 315 முதல் 385 யூனிட் வரை கிடைக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். மேகமூட்டமான மாதங்களில் இதைவிடக் குறையும். இந்த வீட்டின் பயன்பாடு மாதம் சுமார் 400 யூனிட், அதில் பகலில் செலவாவது சுமார் 120. மீதமாகிக் கிரிட்டுக்குப் போகும் மின்சாரத்துக்கு இப்போது கிடைப்பது, வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு. இவை இப்படியே இருந்தால் இந்த வீட்டின் பில் 35 முதல் 50 சதவீதம் குறையலாம். உங்கள் வீட்டில் பகல் பயன்பாடும் கட்டண முறையும் வேறாக இருந்தால் எண்ணும் மாறும். உங்கள் கடைசி 12 மாத பில்லை அனுப்பினால் கணக்குப் போட்டுத் தருகிறோம்."

அந்த 35, 50 எப்படி வந்தன என்றால்: உற்பத்தியை 315, 385 என்று இரண்டு ஓரத்திலும் வைத்து, பகல் பயன்பாட்டை 100 என்றும் 140 என்றும் மாற்றிப் போட்டேன். பில்லில் பத்தில் ஒரு பங்கான நிலைக் கட்டணத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். உற்பத்தி குறைந்து பகல் பயன்பாடும் குறைந்தால் 38 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, இரண்டும் கூடினால் 50. கீழ் ஓரத்தை 35 என்று இன்னும் இறக்கி வைத்தேன். இது என் வழக்கம். மேல் ஓரத்தை ஒருபோதும் ஏற்ற மாட்டேன். உங்களிடம் ஒரு வருடத்து மீட்டர் குறிப்பு இருந்தால் இடைவெளியைச் சுருக்கலாம். ஒரு வாரக் குறிப்புதான் இருக்கிறது என்றால் இந்த அகலம் வேண்டும்.

அந்த வாசகத்தில் "80% வரை" என்பது மாதிரி எதுவும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். ஒற்றை எண்ணுக்குப் பின்னால் வரும் "வரை" படிப்பவரின் கண்ணில் தங்காது, எண் மட்டும்தான் தங்கும். இரண்டு ஓரமும் உள்ள இடைவெளி அப்படி இல்லை. கீழ் எண்ணையும் படித்தாக வேண்டும். அதே மாதிரி பெரிய எழுத்தில் எண்ணைப் போட்டுவிட்டு, கடைசியில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று சேர்ப்பதும் மழுப்பல்தான். என்ன நிபந்தனை என்று சொல்லாத நிபந்தனையை வாடிக்கையாளர் சரிபார்க்க முடியாது. "பகலில் 120 யூனிட் செலவானால்" என்று எழுதினால், அவர் தன் வீட்டை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: அந்த வீட்டின் பயன்பாட்டை வெளியில் எழுத வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடு அடையாளம் தெரியும் படமாக இருந்தால், பகலில் ஆள் இருப்பதில்லை என்பதையும் அந்த எண் சொல்லிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் படத்தை மாற்றுங்கள், அல்லது எண்களை "இதே அளவு கொண்ட ஒரு வீட்டுக்கு" என்று பொதுவாக எழுதுங்கள்.

எனக்கு இதெல்லாம் புத்தியில் ஏறியது ஒரு வீட்டால்தான். தொழிலுக்கு வந்த புதிதில், இதே 3 கிலோவாட் அமைப்புக்கு, வெயில் உச்சத்தில் இருந்த மாதத்தின் அளவை வைத்து "மாதம் 420 யூனிட், பில் கிட்டத்தட்ட இருக்காது" என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அந்த அம்மா அதே தாளை நான்காக மடித்துக் கொண்டுவந்தார். 420-ஐச் சுற்றி அவரே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். பின்பக்கத்தில் மாதவாரியாக பில் தொகையை எழுதியிருந்தார். எதுவும் பெரிதாகக் குறையவில்லை. வீட்டுக்குப் போய் இன்வெர்ட்டரில் மொத்த உற்பத்தியைப் பார்த்தேன். மாதச் சராசரி 340. அமைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "பில் இருக்காது" என்ற என் பேச்சை நம்பி, இரண்டு படுக்கையறைக்கும் புதிதாக ஏசி போட்டிருந்தார்கள். இரவில் ஓடும் ஏசி. பகலில் பேனல் தந்தது குறைந்த விலைக்கு வெளியே போக, இரவில் முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் சொன்னதால்தானே போட்டோம்" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம். நான் எழுதிக் கொடுத்த எண் அந்தக் குடும்பத்தை ஒரு செலவில் இறக்கிவிட்டது. அன்றிலிருந்து "இப்போதுள்ள பயன்பாடு மாறாமல் இருந்தால்" என்ற வார்த்தை இல்லாமல் ஒரு மதிப்பீடும் என் கையை விட்டுப் போவதில்லை.

எண்ணுக்குப் பதிலாகப் படத்தைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அதிலும் இரண்டு பொறி இருக்கிறது. முதலாவது இன்வெர்ட்டர் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட். அதில் மிச்சம் என்று ஒரு தொகை காட்டும். பெரும்பாலான ஆப்களில் அது மீட்டரைப் பார்த்து வரும் தொகை அல்ல. அமைப்பை முதலில் பதிவு செய்யும்போது நாமே தட்டிய யூனிட் விலையால் மொத்த உற்பத்தியைப் பெருக்கிக் காட்டுவது. வெளியே போன யூனிட்டுக்கும் முழு விலை போட்டிருக்கும். நம் வீட்டில் அது 197-க்குப் பதிலாக 350-ஐக் காட்டும். ஆப் படத்தைப் போடுவதானால் யூனிட் உள்ள பக்கத்தை மட்டும் போடுங்கள், கீழே "இது உற்பத்தி, பில் மிச்சம் அல்ல" என்று எழுதுங்கள்.

இரண்டாவது, "முன்பு, பின்பு" என்று இரண்டு பில்லை அருகருகே வைப்பது. உண்மையான பில்தானே, இதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஏசி ஓடிய மாதத்தின் பில்லை ஏசி தேவைப்படாத மாதத்தின் பில்லோடு வைத்தால் பேனலே இல்லாமலும் பாதியாகக் குறைந்திருக்கும். ஒரே மாதத்தை, போன வருடத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டிலும் பில் காலம் எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். இடையில் கட்டணம் மாறியதா, வீட்டில் ஆள் கூடியதா குறைந்ததா என்று கேட்க வேண்டும். முடிந்தால் 12 மாத மொத்தத்தை 12 மாத மொத்தத்தோடு வைப்பதுதான் நேர்மையான ஒப்பீடு. அதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்து போட்ட அப்படியொரு பதிவு, அவசரமாகப் போட்ட பத்தைவிடப் பலமாகப் பேசும் என்பது என் அனுபவம்.

25 வருட மிச்சம் என்ற எண்ணைக் கேப்ஷனில் போடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பேனலின் தேய்மானம் ஓரளவு தெரிந்த விஷயம். வருடத்துக்கு அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் மின் கட்டணம் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. வருடத்துக்கு 5 சதவீதம் ஏறும் என்று ஒரு கட்டத்தில் தட்டினால், 25-வது வருட யூனிட் விலை இன்றையதைப் போல 3 மடங்குக்கு மேல் போய்விடும். கட்டணம் ஏறாது என்று போட்ட மொத்தத்தைவிட 25 வருட மொத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அந்த ஒரு 5-ஐத் தட்டியவர் நாம்தான், சூரியன் இல்லை. இடையில் ஒரு தடவையாவது இன்வெர்ட்டர் மாற்ற வேண்டியிருக்கும், அதுவும் அந்தக் கணக்கில் வராது. வாடிக்கையாளர் நீண்ட காலக் கணக்கைக் கேட்டால், நேரில் உட்கார்ந்து, கட்டணம் ஏறாத நிலை ஒன்று, மெதுவாக ஏறும் நிலை ஒன்று என்று இரண்டு வரியாகப் போட்டுக் காட்டுங்கள். படத்துக்குக் கீழே நான்கு வரியில் அதைச் சொல்ல இடம் கிடையாது.

நான் சொன்னதற்கும் எல்லை உண்டு. பேட்டரி வைத்த அமைப்புக்கு இந்தப் பகல், இரவுக் கணக்கு அப்படியே பொருந்தாது. பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது போகும் இழப்பு, அதன் கொள்ளளவு, மாற்றும் செலவு எல்லாம் தனியாக வரும். பகலில் வேலை நடக்கும் கடை, பட்டறை போன்ற இடங்களுக்கும் எண்கள் வேறு. அங்கே தருவதில் பெரும்பகுதி உள்ளேயே செலவாகிவிடும், அதனால் மிச்சக் கணக்கும் எளிது. விளம்பரத்தில் எந்தச் சொல் சட்டப்படி உறுதிமொழியாகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும் விஷயம். உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை வாசகத்தைக் காட்டிவிடுவது நல்லது. உற்பத்தி பற்றி நான் சொன்னதை நீங்கள் நம்பி எழுதலாம், சட்டத்துக்கு என்னை நம்ப வேண்டாம்.

கூட்டாளியிடம் பேசும்போது, 80 தப்பு என்று ஆரம்பிக்காமல், அவர் எண்ணுக்குள் எந்த விலை இருக்கிறது என்று கேளுங்கள். வெளியே போகும் யூனிட்டுக்கு உங்கள் இடத்தில் முழு விலை கிடைக்கிறது என்றால், நிலைக் கட்டணம் போக அவர் சொன்னதற்குப் பக்கத்தில்தான் கணக்கும் நிற்கும். அப்போதும் "உறுதி" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த விதி இன்றைக்கு உள்ளது என்று தேதியோடு எழுதினால் போதும். அந்தத் தேதி முக்கியம். கட்டண விதி மாறினால் பழைய படத்துக்குக் கீழே இருக்கும் எண்ணும் பழசாகிவிடும், ஆனால் படம் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். நான் ஒவ்வொரு கேப்ஷனின் கணக்கையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: எந்த வெயில் தரவு, என்ன இழப்பு, பகல் பயன்பாடு, என்ன விலை, எந்தத் தேதி. கட்டணம் மாறும் அன்று அந்தப் பக்கங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்த, பாதி நாள் ஆகிறது.